நானூற்றுப் பன்னிரண்டு முட்டைகள்

பெலிக்ஸ் நீட்டிய தாளில் ஏழாவதாக இருந்த பெயரைப் பார்த்ததும் வெங்கடேஸ்வரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பின்னாலேயே அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். வேல்பாண்டி, வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை நோய், மனச்சோர்வுக் கேள்விகளில் மதிப்பெண் பூஜ்ஜியம்.

அது அவள் புருஷன். அந்தப் பூஜ்ஜியத்தைப் போட்டவளும் அவளே. போட்ட அன்று அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. மகாராஜபுரத்துத் தோப்பில் தேங்காய் வெட்டு என்று போயிருந்தார். மாத்திரையைப் பெண்டாட்டியே வாங்கி வந்துவிடுவாள். கூடவே ஒரு தாள் நிரப்ப வேண்டும் என்றார்கள், அதையும் அவளே நிரப்பிவிட்டாள். வீட்டு வேலையில் அதுவும் ஒன்று.

"இந்த இருபது பேரையும் திங்கக்கிழமை காலையில வரச் சொல்லுங்க சிஸ்டர். போன் நம்பர் உங்ககிட்டதான இருக்கு" என்றான் பெலிக்ஸ். "கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட பேரு. அவங்க சம்மதிச்சா அதே கேள்விய நான் மறுபடி கேப்பேன். ரெண்டு பதிலும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும்."

"ஒத்துப்போகலேன்னா?"

"ஏன் ஒத்துப்போகலேன்னு கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சு?"

பெலிக்ஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "சிஸ்டர், மூணு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு தாளு வந்திருக்கு. நானூத்திப் பன்னெண்டும் முட்டை. சுகரு, பிரஷரு, கால்ல புண்ணு, மருமககூட சண்டை, இம்புட்டும் உள்ள நானூத்திப் பன்னெண்டு பேருல ஒருத்தருக்குக்கூட மனசுல வருத்தம் இல்ல. சொர்க்கத்துலகூட நாலு பேரு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான்."

"எங்க சனம் அப்பிடி. கஷ்டத்தச் சிரிச்சே கழிச்சிரும்" என்றாள் வெங்கடேஸ்வரி, முகத்தில் ஓர் அசைவு இல்லாமல். முப்பது வருஷ சர்வீஸ் அந்த முகத்தைக் கொடுத்திருந்தது.

ராஜபாளையத்துக்காரர்கள் 'வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி' என்றும், வில்லிபுத்தூர்க்காரர்கள் 'ராஜபாளையம் ஆஸ்பத்திரி' என்றும் சொல்லித் தட்டிக்கழிக்கும்படி, இரண்டு ஊருக்கும் நடுவில் பைபாஸ் ஓரமாக நின்றது அந்த மாவட்ட ஆஸ்பத்திரி. அதன் சுகர்-பிரஷர் ஹாலுக்கு வெங்கடேஸ்வரி ராணி. காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் நூற்றெண்பது பேர், பிறகு நாலரை வரை மிச்சம் மீதி. உதவிக்கு ஒரே ஓர் ஆள், மாரியாத்தாள். அவள் கூட்டத்தை அதட்டி உட்கார வைத்தால் ராஜபாளையம் நாய்களே வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

இந்த ஹாலுக்குள்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தத் திட்டம் வந்து இறங்கியது. சர்க்கரை நோயாளிகளில் மனச்சோர்வு அதிகம். ஆகவே வருகிறவர்களில் தினம் ஐந்தாறு பேரிடமாவது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மதிப்பெண் மூன்றைத் தொட்டால் ஒன்பது கேள்வி. அதில் பத்தைத் தொட்டால் ஆலோசனை, தேவைப்பட்டால் மனநல டாக்டர் கௌதம்ராஜ். இதை ஆஸ்பத்திரியின் அன்றாட வேலையோடு வேலையாகப் பதிய வைக்கத்தான் மனநல சமூகப் பணியாளர் பெலிக்ஸை அனுப்பியிருந்தார்கள். அவன் தன் படிப்புக்குச் 'செயலாக்க அறிவியல்' என்று பெயர் சொன்னபோது மாரியாத்தாள், "எலெக்ட்ரீசியனா?" என்று கேட்டாள்.

"மருந்து வேலை செய்யுமாங்கறது ஒரு அறிவியல்க்கா" என்று அவன் பொறுமையாக விளக்கினான். "வேலை செய்யற மருந்து நம்ம ஹால்ல மட்டும் ஏன் வேலை செய்யலங்கறது இன்னொரு அறிவியல்."

அந்த இன்னொரு அறிவியலுக்காகத் தன் அறைச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தான். இடது பக்கம் 'தடைகள்', வலது பக்கம் 'கைகொடுப்பவை'. இடது பக்கத்தின் முதல் வரி: 'செவிலியர் ஈடுபாடின்மை'. ஹாலில் இருந்த ஒரே செவிலியர் வெங்கடேஸ்வரி. அதைப் படித்த அன்றிலிருந்து அவனுக்கு ஹாலில் நாற்காலி கிடைப்பது நின்று போனது.

இன்றும் நின்றுகொண்டுதான் பேசினான். "சிஸ்டர், அந்தச் சார்ட்டுல மொத வரிய உங்ககிட்டக் கேக்காமலே எழுதிட்டேன். தப்புதான். இப்பக் கேக்கேன். ஏன் எல்லாம் முட்டை?"

கேட்டுவிட்டான் அல்லவா, அவள் கொட்டினாள்.

"நூத்தி எம்பது பேரு வரிசையில நிக்காக. அம்புட்டுப் பேரு காதுக்கு முன்னால வச்சு, 'அம்மா, ஒங்க மனசு எப்பிடி இருக்கு'ன்னு கேக்கணும். பின்னாலயே அவ கொழுந்தியா நிப்பா. 'நல்லா இல்ல'ன்னு எந்தப் பொம்பளை சொல்லுவா? சரி, ஒருத்தி சொல்லிட்டான்னு வையுங்க. எனக்கு இன்னொரு தாளு, பத்து நிமிசம். அவளுக்கு ஒரு சீட்டு. சீட்ட எடுத்துக்கிட்டுப் பிணவறைக்குப் பக்கத்துல இருக்க ஒங்க ரூமுக்கு நடக்கணும். போனா டாக்டர் இல்ல, செவ்வாக்கெழமை மட்டும் வாராரு. மறுபடி வந்தா மில்லுல ஒரு நாள் சம்பளம் போச்சு. நான் போடுறது முட்டை இல்ல தம்பி, புண்ணியம்."

பெலிக்ஸ் எழுதிக்கொண்டே போனான். முடித்தபோது தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. "மூணு மாசம் சுத்தினாலும் இது எனக்குக் கெடைச்சிருக்காது" என்றான். "இதுல ஒண்ணுகூட 'ஈடுபாடின்மை' இல்ல."

அவளுக்கு அவன்மேல் லேசாக இரக்கம் வந்தது. ஆனால் ஏழாம் பெயரைப் பற்றி வாய் திறக்கவில்லை. வராத ஆளுக்குத் தாள் நிரப்பியது வேறு விஷயம். அதற்குப் பெயர் புண்ணியம் இல்லை.

அன்று சாயங்காலம் வில்லிபுத்தூர் வீட்டில் வேல்பாண்டி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். டி.வி. ஓடவில்லை. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் ஹவில்தாராக இருந்து, பிறகு ஒரு மில்லில் செக்யூரிட்டி மேஸ்திரியாக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன் அதையும் விட்டவர். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன், சத்தம் போடமாட்டார் என்பார்கள். வெங்கடேஸ்வரிக்கும் அந்தச் சத்தமின்மை வசதியாகவே இருந்தது. அவளுக்குப் பகல் முழுக்க நூற்றெண்பது பேர் சத்தம் போதும்.

"ஏங்க, திங்கக்கிழமை ஆசுபத்திரிக்கு வரணும். ஒரு பையன் ரெண்டு கேள்வி கேப்பான்."

"என்ன கேள்வி?"

"என்ன கேட்டா என்ன? எதக் கேட்டாலும் 'இல்ல'ன்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான்."

"இல்ல."

"இப்ப இல்ல, அங்க. சரி, ஒரு ஒத்திகை பாத்துருவோம்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஹாலில் கேட்கிற அதே வேகத்தில் கேட்டாள். "ரெண்டு வாரமா எதுலயாவது சந்தோசம் இல்லாம இருக்கீகளா?"

"இல்ல."

"ஆங், அப்பிடித்தான். மனசு விட்டுப்போயி, நம்பிக்கை இல்லாம இருக்கீகளா?"

"இல்ல."

"பாருங்க, எம்புட்டு லேசு. யாரும் சொல்லிக்குடுத்துச் சொல்ற மாதிரியே இல்ல."

"சொல்லிக்குடுக்க என்னட்டி இருக்கு?" என்றார் வேல்பாண்டி, ஓடாத டி.வி.யைப் பார்த்தபடி. "உள்ளதத்தான சொல்லுதேன். சந்தோசம் இருக்கான்னு கேக்க. இல்ல. நம்பிக்கை இருக்கான்னு கேக்க. அதுவும் இல்ல."

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் 'இல்லாம இருக்கீகளா'ன்னுல்ல கேட்டேன்?"

"எப்பிடிக் கேட்டா என்ன? இல்லாததுக்கு இல்லன்னுதான சொல்லமுடியும்."

இரண்டாவது விசில் அடித்தது. மூன்றாவதும் அடித்தது. பருப்பு குழைந்து கூழாகும் அளவுக்கு வெங்கடேஸ்வரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண் முன்னால் ஹாலின் வரிசை வந்து நின்றது. தலையை ஆட்டிக்கொண்டே 'இல்ல தாயி' என்றவர்கள். உதட்டைப் பிதுக்கி 'அதெல்லாம் இல்லம்மா' என்றவர்கள். எது இல்லை என்று ஒருவரையும் அவள் கேட்டதில்லை. இல்லை என்றால் முட்டை, அடுத்த ஆள் வா.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"எது?"

"அந்த... இல்லாதது."

வேல்பாண்டி யோசித்தார். "வேலைய விட்ட பொறவுன்னு நெனைக்கேன். விடியுது, பொறவு இருட்டுது. நடுவுல நீ மாத்திரை கொண்டுட்டு வார." அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய் அடுப்பை அணைத்தவரும் அவரே.

மறுநாள் காலை ஏழரைக்கே பெலிக்ஸின் அறை வாசலில் நின்றாள். அவன் வந்ததும் ஏழாம் பெயரைப் பற்றிச் சொன்னாள். வராத ஆளுக்குத் தாள் நிரப்பியதைச் சொன்னாள். திங்கட்கிழமைக்கு ஒத்திகை வைத்ததையும் சொன்னாள். அழக்கூடாது என்று வந்தவள், பருப்பு கூழானதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

பெலிக்ஸ் தன் ஒரே நாற்காலியை அவளுக்குப் போட்டான்.

"சிஸ்டர், அந்தத் தாள எடுங்க. கேள்விக்குக் கீழ என்ன அச்சடிச்சிருக்கு?"

அவள் மூன்று மாதத்தில் முதல் முறையாக முழுசாகப் படித்தாள். 'கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள்?' அதற்கும் கீழே நான்கு கட்டங்கள். ஒரு நாளும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்டத் தினமும். பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை.

"ஆமாவா இல்லையான்னு கேள்வியே கெடையாது. எத்தன நாளுங்கறதுதான் கேள்வி" என்றான். "அத மட்டும் யாரும் மாத்தக்கூடாது, அதுதான் இதோட உசுரு. மத்தபடி எங்க வச்சுக் கேக்கணும், எப்பக் கேக்கணும், யாரு கேக்கணும், எல்லாத்தையும் நம்ம ஹாலுக்குத் தக்கன மாத்திக்கலாம். நான் தலைகீழாப் பண்ணிட்டேன். உசுரக் கவனிக்காம விட்டுட்டேன், எடத்தையும் நேரத்தையும் இரும்பால அடிச்ச மாதிரி வச்சிருந்தேன்."

"பழைய தாளெல்லாம்?"

"செல்லாது. மேல ரிப்போர்ட் பண்ணணும். ஒவ்வொண்ணுலயும் உங்க கையெழுத்து இருக்கு சிஸ்டர்."

"இருக்கட்டும். எழுதுங்க" என்றாள் வெங்கடேஸ்வரி. "அவரு தாளு மட்டும் வேற யாரு கண்ணுலயும் படவேண்டாம்."

"உங்க கண்ணுலகூடப் படாது" என்றான் அவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம் என்று பட்டது.

அன்றே ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். பத்து நோயாளி, ஒரு நாள்; சரிவந்தால் பெருக்குவது, வராவிட்டால் தூக்கிப் போடுவது. நேரத்தை மிச்சம் பிடிக்க வெங்கடேஸ்வரியே ஒரு வழி சொன்னாள்: பிரஷர் பார்க்கக் கையில் பட்டை சுற்றியிருக்கும்போதே கேட்டுவிடலாம். பத்தாவது ஆள் முடிவதற்குள் டியூட்டி டாக்டர் பாய்ந்து வந்தார். "என்ன சிஸ்டர், இன்னைக்கு எல்லாருக்கும் பிரஷர் எகிறியிருக்கு? மிஷின் போச்சா?"

மிஷின் நன்றாகத்தான் இருந்தது. பட்டை இறுகும்போது பேசினாலே பிரஷர் ஏறும். அதிலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஏறாமல் என்ன செய்யும்? பிரஷர் பார்க்கும்போது பேசாதே என்று முப்பது வருஷமாக ஊரையே அதட்டியவள் அவள். தலையில் அடித்துக்கொண்டு பத்துப் பேருக்கும் மறுபடி பிரஷர் பார்த்தாள். மாரியாத்தாள் மட்டும், "கேட்ட கேள்விக்கு எனக்கே ஏறுதுக்கா" என்றாள்.

இடத்தைக் கண்டுபிடித்தவள் மாரியாத்தாள்தான். ஹாலின் மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி உண்டு. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற இடம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். கொழுந்தியாள் நுழைய முடியாது.

சனிக்கிழமை வெங்கடேஸ்வரி அங்கே குனிந்து உட்கார்ந்து, இழைச் சோதனையை முடித்து, பாதத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டு வாரத்துல எத்தன நாளு, எதுலயும் நாட்டமோ சந்தோசமோ இல்லாம இருந்துச்சு?" முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது ஆட்கள் பேசினார்கள். வத்திராயிருப்பிலிருந்து வந்த ஒரு பெரியவர், "தினமுந்தான் தாயி. நீ கால்ல என்னமோ குத்துதியே, அது தெரியுது. மத்தது ஒண்ணும் தெரியல" என்றார். அவர் மதிப்பெண் ஆறுக்கு ஆறு. அவள் எழுந்து திரைக்கு வெளியே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஒன்பது கேள்வித் தாளை எடுத்தாள். கடைசிக் கேள்வியில், செத்துப் போய்விடலாம் என்ற நினைப்பு ஒரு நாள் வந்திருந்தாலும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெரியவருக்கு அப்படி இல்லை. பெலிக்ஸ் தன் மேஜையைத் திரைக்கு அடுத்த அறைக்கே மாற்றியிருந்தான். பிணவறைப் பக்கம் யாரும் நடக்க வேண்டியதில்லை.

மிச்சம் இருந்தது செவ்வாய்க்கிழமை டாக்டர். பெலிக்ஸ் அவர் நாளை மாற்றக் கேட்டு மூன்று கடிதம் எழுதியிருந்தான். வெங்கடேஸ்வரி சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவர எதுக்கு மாத்தணும்? இவியளுக்கு அடுத்த மாத்திரைத் தேதியச் செவ்வாக்கெழமையாப் போட்டா ஆச்சு. ஒரே பஸ்சு, ஒரே லீவு" என்றாள். பெலிக்ஸ் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். பிறகு சார்ட்டின் இடது பக்கத்து முதல் வரியை அடித்துவிட்டு, வலது பக்கத்தில் அவள் பெயரை எழுதினான். கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டு நானூற்றுப் பன்னிரண்டு தாளுக்காகக் கால் மணி நேரம் வைததும் அதே நாளில்தான். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

திங்கட்கிழமை இருபது பேரில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். வேல்பாண்டி இஸ்திரி போட்ட சட்டையில், கூட்டத்தோடு கூட்டமாக டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தார். மாரியாத்தாள், "அண்ணாச்சி, நீங்க எதுக்கு வரிசையில? உள்ள வாங்க" என்றதற்கு, "வரிசைன்னா வரிசை" என்றுவிட்டார்.

அவர் முறை வந்தபோது, கால் பார்த்துக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரி திரையை விட்டு வெளியே வந்தாள். "இவர இங்கயே வச்சுக் கேளுங்க தம்பி" என்று பெலிக்ஸிடம் சொன்னாள். புருஷனிடம், "நான் சொல்லிக்குடுத்ததெல்லாம் மறந்துருங்க. எத்தன நாளுன்னு கேப்பாக. எண்ணிச் சொல்லுங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றி நேராக வைத்துவிட்டு உள்ளே போனார்.

அரை மணி நேரம் ஆயிற்று. அவள் இருபது பேருக்குப் பிரஷர் பார்த்தாள். திரைக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது, சொல் புரியவில்லை. அந்த அரை மணியில் அவர் பேசியது, போன தீபாவளியிலிருந்து வீட்டில் பேசியதைவிட அதிகம் என்று மட்டும் புரிந்தது. திரை விலகியபோது அவர் கண் சிவந்திருந்தது. பெலிக்ஸ் தாளை ஃபைலுக்குள் குப்புறப் போட்டான். அவளுக்கு அதைப் பிடுங்கிப் படிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த ஆளின் கையில் பட்டையைச் சுற்றினாள்.

சாயங்காலம் வீட்டில் அவரே சொன்னார்.

"பதினாலாம்."

"என்ன பதினாலு?"

"மார்க்கு. நடுத்தரமாம். சாகணும்ங்கற நெனப்பெல்லாம் இல்லன்னு சொன்னேன். அந்த 'இல்ல'ய மட்டும் ரெண்டு மட்டம் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதிக்கிட்டான், கெட்டிக்காரப் பய." ஒரு சிரிப்பு வந்து போனது. "நாளைக்குச் செவ்வா. டாக்டரையும் ஒரு எட்டுப் பாக்கச் சொல்லுதான். மாத்திரை வேணுமா, பேசினாப் போதுமான்னு அவரு சொல்லுவாராம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எண்ணணுமாம்."

"சரி" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. இவ்வளவு நாள் தான் கேட்ட அழகை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

"வீட்டுப்பாடம் வேற குடுத்திருக்கான். முன்னால பிடிச்சுச் செஞ்சதுல ஒண்ணு, மனசு வராட்டாலும் பரவாயில்ல, நாளும் நேரமும் குறிச்சுச் செய்யணுமாம். செஞ்சா மனசு பின்னாலயே வருமாம்."

"என்ன எழுதிக் குடுத்தீக? தோப்பா?"

"தோப்பு எனக்கு எப்பப் பிடிச்சுது?" வேல்பாண்டி தரையைப் பார்த்தார். "டியூட்டி முடிஞ்சு ஒன்னயக் கூட்டிட்டு வருவேன்ல, பைக்குல. நர்சுப் பிள்ளைகள்லாம் சிரிக்கு, கேட்டு வாசல்ல வந்து ஹார்ன் அடிக்காதீகன்னு நீதான் நிறுத்திப்புட்ட. அத எழுதினேன். புதன், வெள்ளி, சாயங்காலம் நாலரை."

"அந்தப் பய அத எழுதிக்கிட்டானா?"

"எழுதிக்கிட்டான். 'சிஸ்டர் சம்மதிப்பாகளா, ஏதும் தடை இருக்கா'ன்னு கேட்டான். கேட்டுச் சொல்லுதேன்னுட்டேன்."

புதன்கிழமை நாலு இருபதுக்கே ஆஸ்பத்திரி கேட்டில் ஹார்ன் அலறியது. பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார், ராணுவ வழக்கம். ஓ.பி. சீட்டு வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்சுப் பிள்ளைகள் ஜன்னலில் முளைத்தார்கள். மாரியாத்தாள் ஹாலின் நடுவில் நின்று, "எக்கா, மாப்பிள்ளை வந்திருக்காக!" என்று இரண்டு ஊருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"வாய மூடுடி, பிரஷர் பாக்கேன்ல" என்று அதட்டினாள் வெங்கடேஸ்வரி. கடைசி நோயாளியின் அளவைக் குறித்தாள். கையைக் கழுவினாள். தலையில் வாடியிருந்த பூவை எடுத்துப் போட்டுவிட்டு, ஓர் இளம் நர்சின் தலையிலிருந்து கேட்காமலே ஒரு கண்ணி மல்லிகையைப் பிய்த்து வைத்துக்கொண்டாள்.

வெளியே மறுபடி ஹார்ன் அடித்தது. இன்னும் டியூட்டி முடிய ஐந்து நிமிஷம் இருந்தது.

"அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்து நோட்டைத் தேடிப் போனாள்.